பணம் அனுப்ப மொழி வேண்டாம். திரும்பக் கேட்க வேண்டும்

2021 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர், ஜொமேட்டோ நிறுவனத்தின் உதவி அரட்டைப் பகுதியில் ஒரு புகாரைப் பதிவு செய்தார். அவர் கேட்ட உணவில் ஒரு பொருள் வரவில்லை. அதற்கான பணம் திரும்ப வேண்டும். உணவகத்தோடு பேசுவதில் மொழிச் சிக்கல் இருக்கிறது என்று மறுமுனையில் இருந்த ஊழியர் பதிலளித்தார். தமிழ்நாட்டில் தொழில் நடத்துகிறவர்கள் தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாமா என்று வாடிக்கையாளர் கேட்டபோது, இந்தி தேசிய மொழி, அதைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற அறிவுரை வந்தது. அந்த உரையாடலின் படம் ட்விட்டரில் பரவியது. அக்டோபர் 19 அன்று நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டது. ஊழியரை நீக்குவதாக அறிவித்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தலையிட்டு அவரை மீண்டும் பணியில் சேர்த்தார். கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைக்கப்படுகிறது என்றும், தமிழில் செயலி வரும் என்றும் நிறுவனம் கூறியது.

அரசியல் சட்டத்தில் 'தேசிய மொழி' என்று எதுவும் இல்லை என்பதைப் பலரும் அப்போதே சுட்டிக்காட்டிவிட்டார்கள். நான் கவனிக்க விரும்புவது வேறு. அந்த உரையாடலின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். அவரோடு வாதாட முடிந்தது, அவருடைய தவறான பதிலைப் பொதுவெளியில் வைக்க முடிந்தது, அவருக்கு மேலே உள்ளவர்களைப் பொறுப்பேற்கச் செய்ய முடிந்தது. இன்று அதே இடத்தில் பெரும்பாலும் ஒரு சாட்பாட் இருக்கிறது. அது யாரையும் அவமதிப்பதில்லை. நமக்குத் தெரியாத மொழியில், மிகுந்த பணிவோடு, அதே நான்கு பொத்தான்களைத் திரும்பத் திரும்பக் காட்டும். படம் எடுத்துப் பரப்பினாலும் கோபம் கொள்ள அதில் ஒன்றும் இருக்காது.

2024 நவம்பரில் எல்ஐசி இணையதளத்தின் முகப்பு திடீரென இந்தியில் தோன்றியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் அளித்த நிறுவனம் அதை விரைவில் சரிசெய்தது. அந்த நிகழ்ச்சியில் பாடமாகக் கொள்ள வேண்டியது ஒரு சிறிய விவரம்தான்: மொழியை மாற்றுவதற்கான தேர்வும் இந்தியிலேயே எழுதப்பட்டிருந்தது. தெரியாத மொழி பேசும் சாட்பாட்டில் சிக்கிக்கொள்கிறவரின் நிலைமையும் இதுவே. வெளியேறும் வழி உண்டு. அதன் பெயர்ப் பலகையைத்தான் படிக்க முடிவதில்லை.

நான் வசிக்கும் கோட்டக்குப்பம் புதுச்சேரியை ஒட்டிய ஊர். நிர்வாகத்தில் விழுப்புரம் மாவட்டம். (எங்கள் அஞ்சல் குறியீடு புதுச்சேரியைப் போலவே 605 என்று தொடங்குவதால், நாங்கள் எந்த மாநிலம் என்பதில் கணினிகளுக்கு அவ்வப்போது ஐயம் வருவதுண்டு.) இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். கருவாடு போடுகிறவர்களுக்கு உப்பு முதல் மூலப்பொருள். கருவாட்டு வியாபாரம் செய்யும் பெண்மணி ஒருவர், சென்ற ஏப்ரல் 3ஆம் தேதி, உப்பு மூட்டைகளுக்காக ஒரு வியாபாரியின் க்யூஆர் அட்டையை அலைபேசியில் படம்பிடித்து 6,400 ரூபாய் செலுத்தினார். அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. வியாபாரியின் ஒலிபெருக்கியோ வாய் திறக்கவில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் கையிலிருந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவருடைய அலைபேசி பழையது, வேறொருவரிடமிருந்து வாங்கியது. பணம் செலுத்தும் செயலியில் மொழி இந்தி என்று முன்பே அமைந்திருந்தது. ஒன்றரை ஆண்டுகளாக அது அவருக்கு ஒரு தடையாகவே இல்லை. படம் பிடிப்பது, தொகையை எண்ணில் இடுவது, இரகசிய எண்ணை அழுத்துவது, பச்சை நிறக் குறியைப் பார்ப்பது, இதில் எதற்கும் மொழி தேவைப்படவில்லை. குறை சொல்ல வேண்டிய நாளில்தான் தேவைப்பட்டது. உதவிப் பகுதியைத் திறந்தார். சாட்பாட் இந்தியில் கேள்வி கேட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினார். மீண்டும் அதே கேள்வி. "என்ன கேக்குதுன்னே தெரியல சார், நான் என்ன சொன்னாலும் அதையே சொல்லுது" என்று அலைபேசியை என்னிடம் நீட்டியபோது நான்கு நாட்கள் கடந்திருந்தன.

ஏன் அதையே சொல்கிறது என்பதற்கு விடை, சாட்பாட் கட்டப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. அது எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நம்முடைய பேச்சு தீர்மானிப்பதில்லை. செயலியில் அல்லது அலைபேசியில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மொழி தீர்மானிக்கிறது. நாம் அனுப்பும் வாக்கியத்தைக் கொண்டு மொழியைக் கண்டறியும் அமைப்புகளும் உண்டு. ஆனால் நம்மில் பலர் பழகியிருப்பது போல ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதினால் அவை தடுமாறுகின்றன. அடுத்து, வந்த செய்தி எந்த வகைக் கோரிக்கை என்று சாட்பாட் ஊகிக்கிறது. ஊகத்தில் போதிய உறுதி இல்லையென்றால், 'புரியவில்லை, கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின் ஓர் ஊழியருக்கு மாற்றிவிடுமாறு வடிவமைப்பது நல்ல வழக்கம். மாற்றாமலேயே சுற்றவிடுவதும் ஒரு வழக்கம்.

ஏன் சுற்றவிடுகிறார்கள்? இங்கே பொருளாதாரம் நுழைகிறது. சாட்பாட்டின் திறனை அளக்க நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஓர் அளவுகோல், எத்தனை உரையாடல்கள் ஊழியரிடம் போகாமலேயே முடிந்தன என்பது. சிக்கல் தீர்ந்து நன்றி சொல்லிச் சென்றவரும், ஒன்றும் புரியாமல் அலைபேசியை மூடிவைத்தவரும் இந்தக் கணக்கில் ஒரே வரிசையில் வருகிறார்கள். இரண்டுமே 'ஊழியர் தேவைப்படாத உரையாடல்கள்'தாம். மொழி புரியாமல் விலகிச் செல்கிறவர் நிறுவனத்தின் ஏட்டில் ஒரு வெற்றியாகப் பதிவாகிறார். அவர் செலவழித்த நேரமும், இழந்த பணமும், அந்த ஏட்டின் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட ஒரு சிறிய நூலை எங்கள் துறையில் எல்லோரும் அறிவார்கள். ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர்: ஒன்று விலகிப் போவது, மற்றொன்று குரல் எழுப்புவது. விலகிப் போவது சந்தையின் மொழி. ஆனால் எதற்காக விலகினார் என்பதை அது நிறுவனத்துக்குச் சொல்வதில்லை. குரல்தான் காரணத்தைச் சொல்கிறது. கணக்கில் பணம் சிக்கியிருக்கும்போது விலகிப் போகவும் முடியாது. எஞ்சுவது குரல் ஒன்றே. அந்தக் குரலைக் கேட்கும் காது வேறு மொழியில் இருந்தால் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன.

தமிழில் சேவை தருவது செலவு பிடித்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 6.9 கோடிப் பேர். பல ஐரோப்பிய நாடுகளின் மொத்த மக்கள்தொகையைவிடப் பெரிய சந்தை இது. ஆனால் இந்த வாதத்தை அதிகம் நீட்டினால் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்: சாட்பாட்டுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று. சாட்பாட் தமிழ் பேசுவது இப்போது மலிவாகிவிட்டது, இன்னும் மலிவாகும். விலை உயர்ந்தது அதற்குப் பின்னால் அமர வேண்டிய, தமிழ் தெரிந்த, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள மனிதர். உரையாடலை ஊழியருக்கு மாற்றும்போது மொழிவாரியாகப் பிரித்த வரிசைகளில் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். தமிழ் வரிசையில் ஆள் இல்லையென்றால் பொது வரிசைக்குப் போகும். அங்கே இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். முகப்பில் மட்டும் தமிழ் பேசும் சாட்பாட், சுவருக்குத் தமிழில் வண்ணம் பூசியதற்கு ஒப்பானது.

அந்தப் பெண்மணியின் வழக்குக்கு வருகிறேன். முதலில் நாங்கள் செய்தது உரையாடலைத் தொடர்வதை நிறுத்தியது. உதவிப் பகுதியில் பொதுவாகக் கேட்கும் கேள்வியைச் சாட்பாட் ஒரு தகவல் கோரிக்கையாகவே கொள்ளும். பரிவர்த்தனைப் பட்டியலுக்குச் சென்று, ஏப்ரல் 3ஆம் தேதிக்குரிய அந்த 6,400 ரூபாயைத் தொட்டுத் திறந்து, அங்கிருந்தே புகார் எழுப்பினால் அது அந்தப் பரிவர்த்தனையோடு பிணைக்கப்பட்ட புகாராகிறது. ஒரு புகார் எண்ணும் கிடைக்கிறது. அதே பக்கத்தில் UTR என்று குறிக்கப்பட்ட 12 இலக்க எண் இருக்கும். வங்கிகளுக்கிடையே அந்தப் பணத்தின் பெயர் அதுதான். மொழியை மாற்றப் பூமி உருண்டைச் சின்னத்தையோ, எழுத்து வடிவச் சின்னத்தையோ அமைப்புப் பகுதியில் தேடலாம். எந்த மொழித் திரையிலும் சின்னம் மாறுவதில்லை. ஊழியர் வேண்டும் என்றால் நீண்ட வாக்கியம் எழுதுவதைவிட `agent` என்ற ஒற்றைச் சொல்லை அனுப்புவது பலன் தருவதுண்டு. பல அமைப்புகளில் அச்சொல்லுக்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். இவருடைய செயலியில் அதுவும் மீண்டும் பொத்தான்களிலேயே கொண்டுபோய் விட்டது.

ஆகவே அடுத்த நாள் அவர் தம் வங்கிக் கிளைக்குச் சென்றார். பணம் செலுத்தும் செயலி ஒரு முகப்பு மட்டுமே. பணம் இருப்பது வங்கியில். செயலியின் சாட்பாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தமிழில் ஒரு பக்கக் கடிதம்: கணக்கு எண், தேதி, தொகை, 12 இலக்க எண், செயலியில் கிடைத்த புகார் எண். இரண்டு படிகள், ஒன்றில் வங்கியின் முத்திரையும் தேதியும். ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கும் படிவம், பணம் செலுத்தும் சீட்டு, பாஸ்புக் உட்படச் சில்லறை வாடிக்கையாளர் பயன்படுத்தும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மும்மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய அறிவுறுத்தல். தாளில் இருந்த இந்த ஒழுங்கு, திரைக்கு மாறியபோது வழியில் எங்கோ தவறிவிட்டது.

அவருக்கு உரிமையாக என்ன கிடைக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டே இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ மூலம் கடைக்காரருக்குச் செலுத்திய பணம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே வழங்கப்பட வேண்டும். தனிநபருக்கு அனுப்பிய பணமானால் கெடு இன்னும் குறைவு, ஒரே நாள். ஏப்ரல் 3க்கு 5 நாள் கெடு ஏப்ரல் 8. இவருக்குப் பணம் திரும்பியது ஏப்ரல் 19 அன்று. 11 நாள் தாமதம். 1,100 ரூபாய் இழப்பீடு. பணம் வந்தது, இழப்பீடு வரவில்லை. சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் கொடுத்தபின் அதுவும் வந்தது. அந்த 1,100 ரூபாயைப் பற்றி எந்தச் சாட்பாட்டும் தானாக முன்வந்து சொல்லியிருக்குமா என்று எனக்குச் சந்தேகமே.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ செல்ல வேண்டிய இடம் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. cms.rbi.org.in தளத்தில் பதியலாம். ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது, சண்டிகரில் உள்ள அதன் மைய அலுவலகம் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் வரும் புகார்களை எந்த மொழியிலும் ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டிருப்பது. 14448 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கே ஒரு கண்ணி உண்டு. முதலில் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் தந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புகார் எண் தராமல் சாட்பாட்டோடு நடத்திய அரை மணி நேர உரையாடல் அந்த நிபந்தனையை நிறைவேற்றும் என்று நம்பியிருக்கக் கூடாது. கிளையின் முத்திரை பதித்த படி இருந்தால் 30 நாள் எப்போது தொடங்கியது என்பதில் வழக்கே இல்லை.

வங்கி அல்லாத இணைய வணிக நிறுவனங்களுக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (இணைய வணிக) விதிகள் பொருந்தும். அவை ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்பாட் ஒருபோதும் காட்டாத இந்தப் பெயர், பெரும்பாலும் தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதற்கும் பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

சொல்லாமல் விடக் கூடாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சாட்பாட்டில் மனிதரைக் காணாதவர் அடுத்துச் செய்வது, நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர் எண்' என்று இணையத்தில் தேடுவது. அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் பதித்துவைத்துக் காத்திருக்கிறார்கள். உடனே எடுக்கிறார்கள், நல்ல தமிழில், பொறுமையாகப் பேசுகிறார்கள். உண்மையான நிறுவனம் தமிழ் பேசும் ஊழியருக்குச் செலவிட மறுத்த இடத்தில் மோசடிக்காரர் செலவிடுகிறார். எளிய அடையாளம்: பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக இரகசிய எண்ணை இடச் சொன்னாலும், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலும், கடவுச்சொல் கேட்டாலும் அது மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் எப்போதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனடியாக 1930 என்ற சைபர் குற்ற எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும். இரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு நம்முடையதாகவே கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

இவ்வளவையும் ஒரு கருவாட்டு வியாபாரி தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதற்குத் தீர்வாகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொலைபேசித் துறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. டிராய் 2012இல் வெளியிட்ட புகார் தீர்ப்பு ஒழுங்குமுறைகள், நிறுவனங்களின் தானியங்கிக் குரல் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கின்றன. முதல் படியில் மொழித் தேர்வு. இரண்டாம் படியில் கோரிக்கையின் வகை. மூன்றாம் படியில் ஊழியரோடு பேசும் வாய்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஊழியர் பேசும் அழைப்புகளில் 95 சதவீதத்தை 90 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற தர அளவுகோலும் உண்டு. நடைமுறையில் எவ்வளவு குறையிருந்தாலும், மீறல் என்று சுட்டிக்காட்ட ஒரு வரி எழுத்தில் இருக்கிறது.

அந்த வரி தொலைபேசி அழைப்புக்காக எழுதப்பட்டது. நிறுவனங்களோ நம்மை அழைப்பிலிருந்து அரட்டைக்கு மாற்றிவிட்டன. வங்கிகளின் சாட்பாட்டுக்கு ரிசர்வ் வங்கியும், இணைய வணிகத்துக்கு நுகர்வோர் விவகாரத் துறையும் இதே மூன்று படிகளை விதிக்கலாம். மொழித் தேர்வு, அந்தந்த மொழியின் எழுத்திலேயே, 'தமிழ்' என்று தமிழில் எழுதி, உரையாடலின் எந்தக் கட்டத்திலும் தெரிய வேண்டும். புகார் எண் முதல் செய்தியிலேயே வர வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட உரையாடல்கள் எத்தனை என்பதை மொழிவாரியாக, தீர்க்கப்பட்டவற்றோடு கலக்காமல், நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும். கடைசிக் கோரிக்கையைத்தான் அவை அதிகம் எதிர்க்கும் என்று நினைக்கிறேன். கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தந்த தவறான தகவலுக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்கச் செய்தது. சாட்பாட் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பென்றால், அது எதையும் புரியும்படி சொல்லாமல் திருப்பி அனுப்பியதற்கும் நிறுவனம்தானே பொறுப்பு என்ற கேள்வியை நம் நுகர்வோர் ஆணையங்களின் முன்னும் யாரேனும் வைக்கலாம்.